தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை: ஒரு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் ஏற்பாடான கதை

2024 அக்டோபரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு ஜெர்மன் பையருக்காக 9,600 பீஸ் குழந்தைகள் டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. நூறு சதவீதக் காட்டன், 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸி, வட்டக் கழுத்து, நெஞ்சில் ஒரு பிரிண்ட். வெள்ளை, நேவி, மஸ்டர்ட் என்று மூன்று நிறம். நிறத்துக்கு 3,200 பீஸ், ஐந்து சைஸ். பெட்டிக்கு 40 பீஸ் வீதம் மொத்தம் 240 அட்டைப்பெட்டி. சரக்கைத் தூத்துக்குடியில், பையருக்காகக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரின் கிடங்கில் ஒப்படைப்பதோடு எங்கள் பொறுப்பு முடியும். இருபது அடி கன்டெய்னரில் பாதிகூட நிரம்பாத சரக்கு என்பதால் அங்கே மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஏற்றுவார்கள்.

லாரி ஏறுவதற்கு முன் பையர் நியமித்த இன்ஸ்பெக்ஷன் கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, தேறியது என்று ரிப்போர்ட் போட வேண்டும். அது இல்லாமல் ஃபார்வர்டர் பெட்டியை வாங்க மாட்டார். இந்த இன்ஸ்பெக்ஷனை ஏற்பாடு செய்தது நான்தான். ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தோம், ஒன்றில் தவறினோம். சரக்கின் தரத்தில் தவறு வரவில்லை. புக்கிங் ஃபாரத்தில் ஒரு கட்டத்தைப் பார்க்காமல் விட்டதில் வந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணியது

ஃபார்வர்டர் கொடுத்த கடைசி நாள் அக்டோபர் 30, புதன். மறுநாள் வியாழன் தீபாவளி. திருப்பூரில் தீபாவளி என்றால் அன்று ஒரு நாள் லீவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அயர்னிங், பேக்கிங் ஆட்கள் பாதிப் பேர் மதுரை, தேனிப் பக்கம். தையலில் வடமாநிலத்துப் பிள்ளைகள் நிறைய. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்தே பஸ் ஸ்டாண்டு நிரம்பத் தொடங்கும். செவ்வாய் இரவு லாரி கிளம்பினால்தான் புதன் காலை தூத்துக்குடி. ஆகவே உண்மையில் எங்கள் கையில் இருந்த கடைசி வேலைநாள் திங்கள், 28.

மெர்ச்சண்டைசர் முதலில் போட்டிருந்த திட்டத்தில் இன்ஸ்பெக்ஷன் அந்த 28-ஆம் தேதிதான் இருந்தது. சரக்கு முழுவதும் பேக் ஆகியிருக்கும், மறுநாள் லாரி என்று அவர் கணக்கு. தேறிவிட்டால் சரி. தேறாவிட்டால்? 9,600 பீஸையும் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்பச் செக்கிங் டேபிளில் போட வேண்டும். எங்களிடம் செக்கிங்குக்குப் பன்னிரண்டு பேர். பாலிபேக்கைப் பிரித்துப் பார்த்து மடித்து வைக்க, ஒருவருக்கு ஒரு நாளில் 400 பீஸ் ஓடும். இரண்டு நாள் செக்கிங், ஒரு நாள் ரீபேக்கிங், அப்புறம் ரீ-இன்ஸ்பெக்ஷன். அதற்குள் கப்பல் போய்விடும். ஆள் இருக்காது என்பது வேறு.

அதனால் இன்ஸ்பெக்ஷனுக்கும் லாரிக்கும் நடுவில் மூன்று முழு நாளாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டு வியாழன், 24-ஐக் கேட்டோம். இங்கே இன்னொரு கயிறு இழுக்கிறது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்குச் சரக்கு முழுவதும் தைத்து முடித்திருக்க வேண்டும். குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் பேக் ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலான பையர்களின் விதி இதுதான். வந்த ஆள் எண்ணிப் பார்த்து அந்த அளவு இல்லையென்றால் ஒரு பீஸைக்கூடத் தொடாமல் திரும்பிப் போவார். அன்றைய கட்டணம் எங்கள் தலையில் விழும், அடுத்த தேதிக்கு மறுபடி வரிசை.

240 பெட்டியில் 80 சதவீதம் 192. வெள்ளையும் நேவியும் சேர்த்து 160 பெட்டி தயார். மஸ்டர்ட் பின்தங்கியிருந்தது: ஆயுதபூஜை லீவில் பிரிண்டிங் யூனிட் மூன்று நாள் மூடியதால் அந்த நிறத்தின் பாகங்கள் தாமதமாகத்தான் தையலுக்கு வந்தன. ஆக மஸ்டர்டில் 32 பெட்டி கட்டியாக வேண்டும். மீதி 48 பெட்டிக்கான 1,920 பீஸும் தைத்து, பிசிர் வெட்டி, அயர்ன் ஆகியிருக்க வேண்டும். பேக்கிங் சூப்பர்வைசரிடம் கேட்டபோது, "வியாழன் காலைக்குச் சொல்லாதீங்கண்ணா, வியாழன் ராத்திரின்னா முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார். இந்த மாதிரி நேரத்தில் பேக்கிங் ஆள் சொல்லும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும் என்பது என் அனுபவம். திட்டத் தாளில் இருக்கும் நேரம் ஆபீசில் உட்கார்ந்து எழுதியது.

வெள்ளையையும் நேவியையும் முதலில் பார்த்துவிட்டு மஸ்டர்டைத் தனியாகப் பார்க்க முடியுமா என்று பையரிடம் கேட்டேன். முடியாது, ஆர்டர் ஒன்று, லாட் ஒன்று என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது நியாயம்தான். ஒரு லாட்டைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி சாம்பிள், தனி முடிவு. இன்ஸ்பெக்டருக்கு இரண்டு நாள் வேலை, அவர்களுக்கு இரண்டு நாள் செலவு.

புதன், 16-ஆம் தேதி புக்கிங் அனுப்பினேன். மூன்று வேலைநாள் முன்னால் சொன்னால் போதும் என்று இன்ஸ்பெக்ஷன் கம்பெனியின் விதியில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஊரே ஒரே நேரத்தில் புக் செய்யும் என்று தெரிந்ததால் ஆறு வேலைநாள் விட்டுக் கேட்டோம். அப்படியும் 24 கிடைக்கவில்லை. வெள்ளி, 25 கொடுத்தார்கள். பேக்கிங் சூப்பர்வைசருக்கு அது நிம்மதி. எனக்குப் பாதி நிம்மதிதான். தேறாவிட்டால் கையில் இருப்பது சனி, ஞாயிறு, திங்கள் மட்டும்; ரீ-இன்ஸ்பெக்ஷனும் அந்த மூன்று நாளுக்குள் முடிய வேண்டும்.

எந்த ஏக்யூஎல்?

நாங்கள் சரியாகச் செய்தது இந்தப் பகுதியில். ஆர்டரின் முழு விவரமும் அடங்கிய டெக்பேக்கின் முதல் பக்கத்தில் "ஏக்யூஎல் 2.5 / 4.0, லெவல் 2" என்று இருந்தது. இதைப் பார்த்துப் பழகியவர்கள் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். ஏக்யூஎல் என்பது சரக்கில் எத்தனை சதவீதம் வரை குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவு. 2.5 என்பது பெரிய குறைகளுக்கு, 4.0 சின்னக் குறைகளுக்கு. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தான குறை ஒன்றுகூட வரக்கூடாது. உடைந்த ஊசித்துண்டு அந்த வகை.

இந்த எண்களை ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையில் வைத்துப் பார்க்க வேண்டும். லாட் 3,201 முதல் 10,000 வரை இருந்தால், பொது லெவல் 2-இல் எடுக்க வேண்டிய சாம்பிள் 200 பீஸ். 2.5-க்கு அந்த இருநூறில் பெரிய குறை பத்து வரை இருக்கலாம், பதினொன்று வந்தால் ஃபெயில். 4.0-க்குச் சின்னக் குறை பதினான்கு வரை இருக்கலாம், பதினைந்து வந்தால் ஃபெயில்.

எங்கள் தளத்தில் பலர், "2.5 சதவீதம்னா இருநூறுக்கு அஞ்சுதானே? எப்படிப் பத்து விடறாங்க?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 2.5 சதவீதம் என்பது மொத்தச் சரக்குக்கான அளவு. சரக்கில் உண்மையாகவே 2.5 சதவீதம் குறை இருந்தால் இருநூறில் சராசரியாக ஐந்து கிடைக்கும். ஆனால் கையில் வரும் இருநூறு எப்போதும் சராசரியாக இருக்காது. ஒரு முறை மூன்று வரும், ஒரு முறை எட்டு வரும். நல்ல சரக்கு அதிர்ஷ்டக் குறைவால் ஃபெயில் ஆகிவிடக் கூடாது என்று அட்டவணை பத்து வரை இடம் விடுகிறது. கணக்குப் போட்டால் அப்படிப்பட்ட சரக்கு நூறில் 98 முறைக்கு மேல் தேறும்.

பையரின் சப்ளையர் மேனுவல் தனியாக ஒன்று இருக்கிறது, நூறு பக்கத்துக்கு மேல். புக்கிங் அனுப்புவதற்கு முந்தைய நாள் அதை எடுத்துக் குழந்தைகள் உடைப் பகுதியைத் தேடினேன். அங்கே பெரிய குறைக்கு 1.5 என்று இருந்தது. டெக்பேக்கில் 2.5, மேனுவலில் 1.5. இரண்டும் அவர்கள் கொடுத்ததுதான். இன்ஸ்பெக்டர் எதை எடுத்துக்கொண்டு வருவார்? 1.5 என்றால் அதே 200 பீஸில் பெரிய குறை ஏழு வரைதான், எட்டு வந்தால் ஃபெயில். பத்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு ஷிப்மென்ட் நிற்கிறது.

பையருக்கு மெயில் எழுதினேன். "குழந்தைகள் உடை என்பதால் 1.5-தானா, அல்லது டெக்பேக்கில் உள்ள 2.5-ஆ? எது என்று சொல்லி இன்ஸ்பெக்ஷன் கம்பெனிக்கும் நகல் அனுப்புங்கள்" என்றேன். அதோடு இன்னும் இரண்டு கேள்வி. அளவெடுக்க எத்தனை பீஸ், அளவுக் குறையைப் பெரிய குறையோடு சேர்த்து எண்ணுவீர்களா? பிரிண்டில் சின்னப் புள்ளி விடுபட்டிருந்தால் அது எந்த வகை?

இப்படிக் கேட்டால் நாமே போய்க் கடுமையான விதியை வாங்கிக்கொள்கிறோம் என்று எங்கள் ஆபீசிலேயே ஒருவருக்கு வருத்தம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்காமல் விட்டால் அந்த விதி மறைந்துவிடாது. இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலை பத்து மணிக்கு அவர் டேப்லெட்டில் தெரியும். அப்போது தெரிந்துகொண்டு என்ன செய்ய?

இரண்டு நாளில் பதில் வந்தது. பெரிய குறைக்கு 1.5. சைஸ் ஒன்றுக்கு நிறத்துக்கு இரண்டு பீஸ், அதாவது முப்பது பீஸ் அளந்தால் போதும்; அளவுக் குறை தனிக் கணக்கு. பிரிண்டில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும் விடுபடல் பெரிய குறை, கிட்ட வந்தால் மட்டும் தெரிவது சின்னக் குறை.

கடைசி வரிக்காகவே அந்த மெயிலை எழுதியிருக்கலாம். "குறை" என்று பொதுவாகச் சொல்லும்போது எங்கள் க்யூசி மனதில் இருப்பதும் இன்ஸ்பெக்டர் மனதில் இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மீட்டர் என்று சொன்னதும் பேக்கிங் ஹாலில் தரையில் டேப் ஒட்டி, அங்கே நின்று பார்க்கச் சொல்லிவிட்டோம். வாக்குவாதமே இல்லை.

புதன், 23-ஆம் தேதி இன்ஸ்பெக்டர் செய்வதைப் போலவே நாங்களே ஒரு முறை செய்து பார்த்தோம். பேக் ஆன பெட்டிகளோடு மஸ்டர்டில் முடிந்த பீஸ்களையும் சேர்த்து 200. தைத்த லைனில் இல்லாத க்யூசி ஆள் பார்த்தார். பெரிய குறை ஒன்பது.

2.5 என்றே நினைத்துக்கொண்டிருந்தால் அந்த ஒன்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். 1.5-க்கு அது ஃபெயில். இருநூறுக்கு ஒன்பது என்ற நிலையில் சரக்கு இருந்தால், இன்ஸ்பெக்டரின் இருநூறு 1.5-இல் தேறுவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். நாணயம் சுண்டுவதைவிட மோசம்.

ஒன்பதையும் டேபிளில் வரிசையாக வைத்தோம். இரண்டு எண்ணெய்க் கறை, ஒரு பிரிண்ட் விடுபடல், ஒன்று பக்கத் தையல் திறந்தது. மீதி ஐந்தும் மஸ்டர்ட். ஐந்திலும் ஒரே குறை. கழுத்து ரிப்பை உடம்போடு சேர்க்கும் ஓவர்லாக் தையலில், பின்கழுத்துப் பக்கம் இரண்டு மூன்று தையல் விட்டுப்போயிருந்தது. மடித்து வைத்தால் தெரியாது. கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் சின்ன ஓட்டை வாய் திறக்கும். அம்மா குழந்தைக்குப் போடும்போது அப்படித்தான் இழுப்பாள்.

ஐந்தும் ஒரே குறை என்றால் காரணம் ஒரே இடத்தில் இருக்கும். பண்டல் சீட்டை வைத்துப் பார்த்ததில் ஐந்தும் ஒரே ஓவர்லாக் மெஷின். தாமதமாக வந்த மஸ்டர்டை முடிக்க ஓவர்டைமில் ஓட்டியபோது லூப்பர் டைமிங் லேசாக விலகியிருக்கிறது; ரிப் தடிமனாகும் தோள் சந்திப்பில் மட்டும் தையல் விட்டிருக்கிறது. மெக்கானிக் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். அந்த மெஷினில் ஓடியது 1,100 பீஸ் சொச்சம். வியாழன் முழுக்க அவற்றை மட்டும் எடுத்து ஒவ்வொரு கழுத்தையும் இழுத்துப் பார்த்தோம். 61 பீஸ் வந்தது. தைத்துத் திருத்தி, மெட்டல் டிடெக்டரில் மறுபடி விட்டு, பேக்கிங்குக்கு அனுப்பினோம்.

3,200 மஸ்டர்டையும் பார்க்கவில்லை, 9,600-ஐயும் பார்க்கவில்லை. நேரம் இல்லை, தேவையும் இல்லை. குறைக்கு முகவரி கிடைத்துவிட்டால் அந்த முகவரிக்குப் போனால் போதும்.

முகவரியில் விட்டது

குறையின் முகவரியைக் கண்டுபிடித்த நாங்கள் எங்கள் முகவரியைக் கோட்டைவிட்டோம்.

எங்களுக்கு இரண்டு யூனிட். தையல் முதல் யூனிட்டில். அயர்னிங், பேக்கிங் எல்லாம் அந்த ஆண்டு ஜூனில் வாடகைக்கு எடுத்த இரண்டாவது யூனிட்டில், நாலு கிலோமீட்டர் தள்ளி. புக்கிங் ஃபாரத்தில் ஃபேக்டரி முகவரி என்ற கட்டம் தானாகவே நிரம்பும். பையரின் சிஸ்டத்தில் இருக்கும் முகவரி அது, முதல் யூனிட். கீழே குறிப்பு என்ற கட்டத்தில் "சரக்கு யூனிட் 2-இல் உள்ளது" என்று நான் எழுதினேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். குறிப்புக் கட்டத்தை யாரும் படிக்கவில்லை.

பையருக்கு இது சின்ன விஷயம் இல்லை. தங்களிடம் சொல்லாத இடத்தில் தங்கள் சரக்கு இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. சொல்லாமல் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து, அங்கே குழந்தைத் தொழிலாளரோ பூட்டிய தீயணைப்பு வாசலோ இருந்து, பெயர் கெட்ட பிராண்டுகள் உண்டு. அதனால்தான் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பெயர்ப்பலகையோடு படம் எடுப்பார்; ஆப்பில் இடம், நேரம் இரண்டும் பதிவாகும்.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு அவர் முதல் யூனிட்டுக்கு வந்தார். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நிறுத்திவிட்டார். "கேமரா செல்போன் உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்ங்க சார். இங்க வெச்சிட்டுப் போங்க." அவர் மேல் தப்பில்லை. அங்கே இன்னொரு பையரின் அடுத்த சீசன் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்தோம். வெளியாள் படம் எடுக்கக் கூடாது என்று நாங்களேதான் எழுதிக் கொடுத்திருந்தோம். இன்ஸ்பெக்டருக்கோ போனும் டேப்லெட்டும் இல்லாமல் வேலையே இல்லை, ரிப்போர்ட்டே அதில்தான். நான் இரண்டாவது யூனிட்டில் டேபிளைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். எனக்குப் போன் வர இருபது நிமிடம், நான் போய்ச் சேர இன்னொரு இருபது.

சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. "சார், என் ஷீட்டுல இந்த அட்ரஸ்தான் இருக்கு. நான் அங்க வர முடியாது. ஆபீஸ்ல கேக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. எத்தனை கம்பெனியில் இதைப் பார்த்திருப்பாரோ. அவர் ஆபீஸ் பையரின் சென்னை அலுவலகத்தைக் கேட்டது. அவர்கள் யூனிட் 2-இன் வாடகை ஒப்பந்தம், ஃபேக்டரி லைசென்ஸ், எங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாக அது சேர்ந்திருப்பதற்கான சான்று மூன்றையும் கேட்டார்கள். மூன்றும் இருந்தன. எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்கா ஸ்கேன் செய்து அனுப்பினார். இன்ஸ்பெக்ஷனை நடத்தலாம், ஆனால் முகவரி வேறுபாட்டை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்று அனுமதி வந்தபோது மணி பன்னிரண்டு.

பன்னிரண்டே காலுக்குத் தொடங்கினார். பெட்டி எண்ணுவது, எடுப்பது ஒரு மணி நேரம், 200 பீஸ் பார்க்க மூன்றேகால், அளவெடுக்க ஒன்று, டெஸ்ட்டுகளுக்கு ஒன்று, ஒன்றரை. ஒன்பதரைக்குத் தொடங்கியிருந்தால் பகல் வெளிச்சத்திலேயே முடிந்திருக்கும்.

அந்த ஹாலில் நடந்தது

முதலில் பெட்டி எண்ணிக்கை: 206. எண்பது சதவீதம் தாண்டியாயிற்று. அப்புறம் அவரே பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தார். 240-இன் வர்க்கமூலம் பதினைந்தரை. மேலே ஏற்றிப் பதினாறு பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பீஸ் வீதம் இருநூறு. நாங்கள் அடுக்கும்போதே நிறவாரியாக, நடுவில் ஆள் நடக்க வழிவிட்டு, எண் வெளியே தெரிய அடுக்கியிருந்தோம். பல இடங்களில் சுவரோடு சேர்த்து ஆளுயரம் அடுக்கிவிட்டு, இன்ஸ்பெக்டர் அடியில் உள்ள பெட்டியைக் கேட்கும்போது முழிப்பார்கள். எடுக்க முடியாத பெட்டி இருந்தாலே அவருக்குச் சந்தேகம் வரும், வருவது சரியும்கூட.

நிறம் பார்க்க லைட் பாக்ஸை முந்தைய நாளே யூனிட் 2-க்குக் கொண்டுவந்திருந்தோம். டி65 விளக்கில் பையர் கையெழுத்திட்ட ஷேடு துணியோடு வைத்துப் பார்த்தார். சீல் வைத்த அப்ரூவல் சாம்பிளும் டேபிளில் இருந்தது. அந்த சாம்பிள் இல்லாமல் போனால் சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட் பெண்டிங்தான். எதோடு ஒப்பிட்டுச் சரி என்பார்? ஜிஎஸ்எம் கட்டர், தராசு, இரும்பு டேப் எல்லாவற்றுக்கும் காலிபரேஷன் ஸ்டிக்கர் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மெட்டல் டிடெக்டரில் 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு உள்ள டெஸ்ட் கார்டை ஒன்பது இடத்தில் விட்டுப் பார்த்தார், உடைந்த ஊசிப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பெட்டியை எடுத்து ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு முகம் என்று பத்து முறை போட்டுப் பார்த்தார். ஒன்பதரைக் கிலோவுக்குக் கீழுள்ள பெட்டி என்பதால் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து. பெட்டி பிரியவில்லை.

நான்கு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்க ஒரு நிமிடம். கையிலிருந்த பீஸை அவர் அப்படியே வைத்துவிட்டுக் காத்திருந்தார், அரை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. சாப்பாடு வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, டீ மட்டும் போதும் என்றார். தொடக்கத்திலேயே, பணமோ பரிசோ கொடுக்கவும் வாங்கவும் மாட்டோம் என்ற தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

மஸ்டர்ட் பீஸ் ஒவ்வொன்றையும் எடுத்தபோது கழுத்தை இழுத்துப் பார்த்தார். அதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. நல்ல இன்ஸ்பெக்டர்கள் எல்லா ரிப் கழுத்தையும் இழுப்பார்கள். மொத்தம் ஐந்து பெரிய குறை வந்தது, சின்னக் குறை ஒன்பது. கழுத்தில் விட்ட தையல் ஒன்றே ஒன்று. வேறு மெஷினில் ஓடியது. அளவில் எல்லாமே வரம்புக்குள். ஏழு மணிக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டோம்.

தரம்: பாஸ். மொத்த முடிவு: பெண்டிங். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி, முகவரி புக்கிங்கோடு பொருந்தவில்லை, பையரின் முடிவுக்கு.

திருப்பூரில் வெள்ளி இரவு ஏழு என்றால் ஜெர்மனியில் மாலை மூன்றரை. முடிவு சொல்ல வேண்டியவர் மதியத்தோடு கிளம்பிவிட்டார் என்று தானியங்கிப் பதில் வந்தது. இன்ஸ்பெக்ஷன் காலையில் தொடங்கி நாலரைக்கு முடிந்திருந்தால் அங்கே ஒரு மணி, ஆள் இருந்திருப்பார். வாசலில் போன அந்த இரண்டேமுக்கால் மணி நேரம் எங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று நாளாக விரிந்தது. போதாக்குறைக்கு அந்த ஞாயிறு, 27-ஆம் தேதி, அவர்கள் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆனது. திங்கள் அவர்கள் ஆபீஸ் ஒன்பதுக்குத் திறந்தபோது இங்கே ஒன்றரை.

சனிக்கிழமை மீதி 34 பெட்டியைக் கட்டி முடித்தோம். திறந்த பதினாறு பெட்டியின் எல்லா பீஸையும், அவர் பார்க்காதவற்றையும் சேர்த்து, மறுபடி மெட்டல் டிடெக்டரில் விட்டுத்தான் மூடினோம். இன்ஸ்பெக்ஷன் டேபிள் டிடெக்டருக்கு வெளியே இருக்கிறது. அங்கே கத்திரி, ஸ்டேப்ளர், குண்டூசி எல்லாம் புழங்கும். ஒரு முறை ஊசி சோதனை தாண்டிய பீஸ் அங்கே வந்தால் அது சோதனை ஆகாத பீஸ்தான்.

திங்கள் மதியம் இரண்டு பத்துக்கு ரிலீஸ் மெயில் வந்தது. லாரியை ஒரு நாள் முன்பே சொல்லி நிறுத்தியிருந்ததால் செவ்வாய் இரவு எட்டு மணிக்கு ஏற்றி அனுப்பினோம். புதன் காலை கிடங்கில் இறங்கியது. பேக்கிங் ஆட்களில் கடைசி நாலு பேர், லாரிக்கு டார்ப்பாய் கட்டிவிட்டுத்தான் மதுரை பஸ் ஏறினார்கள்.

நவம்பரில் யூனிட் 2-ஐப் பையரின் சிஸ்டத்தில் சேர்க்க விண்ணப்பித்தோம். தீயணைப்புச் சான்று, ஆட்கள் எண்ணிக்கை, சம்பளப் பதிவேடு எல்லாம் பார்த்து, ஆள் அனுப்பி ஆடிட் செய்து, பட்டியலில் ஏற்ற அவர்களுக்கு ஆறு வாரம் ஆனது. இதை ஜூனில் வாடகை ஒப்பந்தம் போட்ட வாரமே நான் தொடங்கியிருக்க வேண்டும். செக்யூரிட்டி மேஜையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது: வரும் இன்ஸ்பெக்டரின் பெயர், தேதி, எந்த ஹால் வரை போகலாம், போனும் டேப்லெட்டும் அனுமதி, யாரைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு புக்கிங்குக்கும் புதிதாக அச்சடித்து, முந்தைய நாள் சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.